மதீனா ஒப்பந்தமும் இரத்த ஈடும்

அன்புள்ள ஐயா,

மதீனா சாசனத்தை உலகின் முதல் எழுதப்பட்ட அரசியலமைப்பு என்று மேடைகளில் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஊரில் காவலர்களோ சிறையோ அமைச்சர்களோ இருந்ததாக நான் படித்ததில்லை. அப்படியானால் நபிகள் நாயகத்தின் காலத்தில் அங்கே ஆட்சி உண்மையில் எப்படி நடந்தது? அவர் சொன்னதெல்லாம் சட்டமா?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

நபிகளின் வரலாற்றை எழுதிய இப்னு இஸ்ஹாக் வழியாக நமக்குக் கிடைத்திருக்கும் அந்த ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். தொடக்கத்திலேயே குலங்களின் பெயர்கள் வரிசையாக வரும். பனூ அவ்ஃப், பனூ சாயிதா, பனூ நஜ்ஜார் என்று ஒவ்வொன்றையும் சொல்லி, இந்தக் குலம் பழைய வழக்கப்படி தன் இரத்த ஈட்டைத் தானே செலுத்தும், தன் கைதிகளைத் தானே மீட்கும் என்று அதே வாசகம் திரும்பத் திரும்ப வரும். பலர் இதைத் தாண்டிச் சென்று, யூதர்களுக்கு அவர்கள் மார்க்கம், முஸ்லிம்களுக்கு அவர்கள் மார்க்கம் என்ற வரியில் நின்றுவிடுகிறார்கள். அது அரிய வரிதான். ஆனால் உங்கள் கேள்விக்கான விடை, அவர்கள் தாண்டிச் சென்ற பகுதியில் இருக்கிறது.

அரபு வழக்கில் ஒருவனைக் கொன்றால் ஒன்று பழிக்குப் பழி, அல்லது நூறு ஒட்டகங்கள் ஈடு. தனிமனிதனால் அவ்வளவு கொடுக்க முடியாது. குலமே பங்கு போட்டுக் கொடுக்கும். அதனால் தன் ஆட்களை அடக்கி வைப்பதும் குலத்தின் வேலையாயிற்று. காவலர் இல்லாத ஊரில் காவல் இதுதான். பழி நிற்காமல் தொடர்ந்தபோது அன்று யத்ரிப் எனப்பட்ட மதீனாவில் என்ன ஆனது என்பதற்கு, நபிகள் அங்கே குடிபெயர்ந்த ஹிஜ்ரத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு, ஊரின் இரு பெரிய அரபுக் குலங்களான அவ்ஸும் கஸ்ரஜும் மோதிய புஆஸ் போரே சாட்சி. இரு பக்கத் தலைவர்களும் அதில் மாண்டார்கள். எந்தக் குலத்தின் பக்கமும் சாயாத நடுவர் ஒருவரை அந்த ஊர் தேடியதில் வியப்பில்லை.

622இல் வந்த நபிகள் நாயகம் குலங்களைக் கலைக்கவில்லை. மக்காவிலிருந்து வந்த முஹாஜிர்களுக்கு அங்கே குலம் இல்லை. ஒப்பந்தம் அவர்கள் எல்லோரையும் சேர்த்து ஒரு குலம்போல எண்ணியது. கடனில் நசுங்கியவனின் ஈட்டுக்கும் மீட்புக்கும் நம்பிக்கையாளர்கள் உதவ வேண்டும் என்றது. அநீதி செய்தவன் தங்களில் ஒருவரின் மகனாகவே இருந்தாலும் எல்லோரும் அவனுக்கு எதிராக நிற்க வேண்டும் என்றது. புதுமை இங்கேதான். ஈடு குலத்தின் பொறுப்பாகவே இருந்தது; குற்றவாளிக்குக் குலம் தரும் அடைக்கலம் மட்டும் பறிபோனது. தீராத வழக்கு அல்லாஹ்விடமும் முஹம்மதிடமும் வர வேண்டும்.

625இல் பிஃர் மஊனாவில் நபிகளின் தோழர்கள் படுகொலை செய்யப்பட்டபோது தப்பிய அம்ர் இப்னு உமைய்யா, திரும்பும் வழியில் பனூ ஆமிர் குலத்தவர் இருவரைப் பழிக்காகக் கொன்றார். அவர்கள் நபிகளிடம் பாதுகாப்பு உறுதி பெற்றவர்கள் என்பது அவருக்குத் தெரியாது. தம் தோழர்களின் படுகொலையைத் தூண்டியவனின் குலத்தவராக இருந்தும், இந்த இருவருக்கும் ஈடு கொடுத்தாக வேண்டும் என்றார் நபிகள். அதில் பங்கு கேட்டு யூதக் குலமான பனூ நளீரிடம் சென்றார். சுவரோரம் அமர்ந்திருந்தபோது மேலிருந்து கல்லைத் தள்ளிக் கொல்லத் திட்டமிட்டார்கள் என்று இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். முற்றுகை வந்தது, பனூ நளீர் ஊரை விட்டு வெளியேறியது. பங்கு கேட்கப் போன பயணம் உறவின் முறிவாக முடிந்தது. பனூ நளீர், பனூ குறைழா, பனூ கைனுகா ஆகிய மூன்று பெரிய யூதக் குலங்களின் பெயர்கள் நம் கையிலுள்ள ஒப்பந்த வாசகத்தில் இல்லை. அது ஒரே ஆவணமா, பலவற்றின் தொகுப்பா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள்.

அவர் சொன்னதெல்லாம் சட்டமா என்று கேட்டிருக்கிறீர்கள். 627இல் அகழ்ப் போரின்போது, முற்றுகையிட்ட கத்ஃபான் குலத்தைத் திருப்பி அனுப்ப மதீனாவின் பேரீச்சை விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கைத் தர அவர் பேச்சு நடத்தினார். முடிவு செய்யும் முன் அவ்ஸின் தலைவர் ஸஅத் இப்னு முஆதையும் கஸ்ரஜின் தலைவர் ஸஅத் இப்னு உபாதாவையும் கேட்டார். இது இறைக் கட்டளையா, எங்களுக்காக நீங்கள் யோசித்ததா என்று அவர்கள் வினவினார்கள். தம் யோசனைதான் என்றதும் மறுத்துவிட்டார்கள். அவரும் அதைக் கைவிட்டார். வஹீ என்னும் இறைச்செய்திக்கு முன் கேள்வி இல்லை. மற்றவற்றில் குலத் தலைவர்களின் சொல்லுக்கு எடை இருந்தது. எனக்கு அந்த ஆட்சியில் மிகவும் பிடித்த இடம் இது.

தமக்குப் பின் யார் என்பது பற்றி அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை. 632இல் அவர் மறைந்த அன்றே மதீனாவின் முஸ்லிம்களான அன்சாரிகள் பனூ சாயிதா குலத்தின் கூடத்தில் திரண்டு, முஹாஜிர்களிடம் எங்களில் ஒரு தலைவர், உங்களில் ஒரு தலைவர் என்று கேட்டார்கள். அவர்கள் முன்னிறுத்தியது அதே ஸஅத் இப்னு உபாதாவை.