மிகப் பெரியது என்றால் எவ்வளவு பெரியது?

கேள்வி: எங்கள் பகுதிச் சுற்றுலாக் கையேட்டை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் புகழ்ச்சியும் ஆதாரம் தெரியாத தகவல்களும் இருக்கின்றன. அப்படியே பெயர்ப்பதா, குறைப்பதா? குறைத்தால் மூலத்துக்குத் துரோகம் ஆகாதா?

கையேட்டை அச்சடிப்பவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருப்பார், ‘இருப்பதை அப்படியே போடுங்கள், போதும்’ என்று சொல்லியிருப்பார் என்று ஊகிக்கிறேன். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நானும் அப்படியே போட்டேன். அதனால் பட்ட அவமானம் இன்னும் மறக்கவில்லை.

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைப் பற்றிய நான்கு பக்க மடிப்புக் கையேடு அது. ஒரு பயண ஏற்பாட்டு நிறுவனம் கொடுத்தது. அதில் ‘கோபுரத்தின் நிழல் தரையில் விழாதாம்’ என்று ஒரு வரி. நான் அதை, நிழல் தரையில் விழுவதில்லை என்று ஆங்கிலத்தில் எழுதினேன். சில மாதங்கள் கழித்து, எனக்குப் பழக்கமான வழிகாட்டி ஒருவர் வந்து சொன்னார். வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் மாலை நான்கரை மணிக்குக் கையேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, முற்றத்தின் குறுக்கே நீண்டு கிடந்த நிழலைக் காட்டி, ‘அப்படியானால் இது என்ன?’ என்று கேட்டாராம். வழிகாட்டியிடம் பதில் இல்லை. அதன் பிறகு அவர் சொன்ன உண்மைகளையும் அந்தப் பெண்மணி நம்பவில்லை.

தமிழ் மூலத்தில் இருந்த ‘ஆம்’ என்ற ஓர் அசையை நான் தொலைத்துவிட்டேன். ‘விழாதாம்’ என்றால் பிறர் சொல்லக் கேட்டது என்று தமிழ் வாசகருக்குத் தானாகவே புரியும். ‘ஐதீகம்’, ‘என்பர்’ போன்ற சொற்களும் அப்படித்தான். ஆங்கிலத்தில் அந்த அசைக்கு நேரான உருபு இல்லை. யார் சொல்வது என்று தனியாக எழுதாவிட்டால் கேள்விப்பட்ட செய்தி உறுதிமொழியாகிவிடும். ஆகவே குறைப்பது துரோகமா என்று கேட்கிறீர்களே, என் அனுபவத்தில் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததுதான் மூலத்துக்குச் செய்த துரோகம்.

இதைவிட மோசமான பொறி ‘மிக’. ‘மிகப் பெரிய நந்தி’ என்றால் ரொம்பப் பெரியது என்றும் பொருள், எல்லாவற்றிலும் பெரியது என்றும் பொருள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனி வடிவம் உண்டு, ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். அவசரத்தில் நம் கை இரண்டாவதற்குத்தான் போகும். முதல் பதிப்பில் நான் தஞ்சை நந்தியை இந்தியாவிலேயே பெரிய ஒற்றைக்கல் நந்தி ஆக்கியிருந்தேன். ஆந்திரத்து லேபாட்சியில் இருக்கும் ஒற்றைக்கல் நந்தி இதைவிடப் பெரியது. போதாக்குறைக்கு இதை ராஜராஜனே வைத்ததாக வேறு கையேடு சொன்னது. இப்போது இருக்கும் நந்தி நாயக்கர் காலத்தது. ‘இந்தியாவின்’, ‘உலகின்’ என்று எல்லை சொல்லாத ‘மிக’ எங்கே வந்தாலும் இப்போது ‘ரொம்ப’ என்ற பொருளையே எடுக்கிறேன். எல்லை சொல்லியிருந்தால், அந்த எல்லைக்குள் போட்டிக்கு யார் இருக்கிறார்கள் என்று தேடிப் பார்க்காமல் எழுதுவதில்லை.

கேட்டதற்குத் தொடர்பில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பல வருட ஆதங்கம். அச்சகங்கள் இன்றும் மூலத்தைப் பழைய எழுத்துருவில் அனுப்புகின்றன. நம் கணினியில் திறந்தால் குறியும் கோடுமாக வருகிறது. முழுவதையும் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது, அதற்குக் கூலி கிடையாது. ஆங்கிலச் சொல் எண்ணிக்கைக்குத்தான் பணம் என்பதால், வெற்றுப் புகழ்ச்சியை வெட்டினால் வெட்டியவருக்கே நஷ்டம். பக்கக் கணக்கில் கூலி பேசிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பதிப்புக்கு அதே நிறுவனத்தார் வந்தபோது பென்சிலோடு உட்கார்ந்தேன். நேரில் நின்று பார்த்துச் சரி சொல்லக்கூடிய வரிக்கு ஒரு குறி, கல்வெட்டிலோ பதிவிலோ இருப்பதற்கு ஒரு குறி, கதைக்கு ஒரு குறி. எந்தக் குறியும் போட முடியாமல் நின்றவை ‘கண்கொள்ளாக் காட்சி’, ‘காணக் கண் கோடி வேண்டும்’, ‘விண்ணை முட்டும்’ போன்றவை. தமிழில் இவை மரியாதை. படிப்பவர் அளந்து பார்ப்பதில்லை. ஆங்கிலத்தில் கோடிக் கண்கள் என்று எழுதினால் சிரிப்பார்கள். இவற்றை எடுத்துவிட்டு, காலியான இடத்தில் கோயிலிலேயே இருக்கும் செய்தியை வைத்தேன். ராஜராஜன் தான் கொடுத்ததையும் தன் அக்கன் கொடுத்ததையும் தன் பெண்டுகள் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்ன கல்வெட்டு அங்கே இருக்கிறது. கோயிலில் ஆடல் பணி செய்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயரும், யாருக்கு எந்தச் சிறகில், அதாவது எந்தத் தெரு வரிசையில், எத்தனையாவது வீடு என்பதும் இருக்கின்றன. கையேடு கோபுரம் என்று சொன்ன, கருவறை மேல் நிற்கும் விமானத்தின் உச்சிக்குச் செப்புக்குடம் கொடுத்தது ஆட்சியின் 25ஆம் ஆண்டு, 275ஆம் நாள் என்று நாள் கணக்கோடு இருக்கிறது. ‘உலகப் புகழ்பெற்ற’ என்பதற்குப் பதிலாக, யுனெஸ்கோ 1987இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது என்று எழுதினேன். வெளியூர்க்காரர் வாய்பிளக்க இவை போதாதா?

நிழல் வரியை நீக்கவில்லை, திருத்தினேன். விமானம் அகன்ற அடியிலிருந்து மேலே போகப் போகக் குறுகுகிறது. சூரியன் தலைக்கு நேரே வரும் நாட்களில், நண்பகலில் அதன் நிழல் அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். கதை அதிலிருந்து பிறந்திருக்கலாம். ‘அந்த நாட்களின் நண்பகலில் நிழலைத் தரையில் காண்பது அரிது, காலையிலும் மாலையிலும் முற்றத்தில் நீண்டு விழும்’ என்ற பொருள் வரும்படி ஆங்கிலத்தில் எழுதினேன். நிறுவன உரிமையாளருக்குக் கோபம். ‘தமிழில் இருப்பதை மாற்ற நீங்கள் யார் சார்?’ என்றார். மார்கழி மாதம் அது. மாலையில் அவரைக் கோயிலுக்கே அழைத்துப் போனேன். புல்வெளியில் வெயில் பாதி, நிழல் பாதி. நிழலின் விளிம்பில் ஒரு குடும்பம் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்திருந்தது. அந்த விளிம்பில் நின்று அண்ணாந்து பார்த்தவர், ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தார்.

கோயிலை மட்டம் தட்டுகிறேன் என்று யாராவது கீழே எழுதுவீர்கள். நான் பிறந்ததே மேலவீதிக்குப் பக்கத்தில். கதைகளை ஒழிக்கச் சொல்லவும் இல்லை. நந்தி வளர்ந்துகொண்டே போனதாகவும், ஆணி அடித்து நிறுத்தியதாகவும் ஒரு கதை உண்டு. அதை முழுசாக, ஊரில் சொல்லும் கதை என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டு எழுதினேன். நம்பிக்கையைச் சொல்லும்போது யாருடைய நம்பிக்கை என்று சொல்லுங்கள். ‘நம்பப்படுகிறது’ என்று ஆளில்லாமல் வரிக்கு வரி வந்தால் கையேடு முழுவதும் புகைமூட்டமாகிவிடும்.

நீக்கிய ஒவ்வொரு வரியையும் காரணத்தோடு தனித்தாளில் எழுதி, அச்சுக்குப் போகுமுன் உரிமையாளரிடம் கையெழுத்து வாங்கினேன். நீங்களும் வாங்கிவிடுங்கள். அவர் கடைசிவரை விடாமல் கேட்டது ஒரே ஒரு வரி, உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒற்றைக்கல் என்பது. அது பல கற்களை இணைத்து அமைத்தது என்று ஆய்வாளர்கள் எழுதியிருப்பதைக் காட்டினேன். ‘சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாரம் கட்டி ஏற்றினார்கள் என்று என் பாட்டி சொல்லியிருக்கிறார்’ என்றார். அப்படியே எழுதினேன். தஞ்சாவூர்ப் பாட்டிமார்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை இது என்று ஆங்கிலத்தில் தொடங்கி, சாரப்பள்ளத்தையும் சாரத்தையும் 80 டன்னையும் வைத்து, ஆய்வாளர்கள் சொல்வதை அடுத்த வாக்கியத்தில் சேர்த்தேன். அவர் மாற்றாமல் அச்சிட்டார்.