சனிக்கிழமை ராத்திரி மெசேஜை எப்படிப் படிப்பது?

அன்புள்ள அக்கா,

எனக்குப் பிடித்த ஒருவர் ஆபீஸ் நண்பர்களோடு குற்றாலம் போயிருந்தார். சனிக்கிழமை ராத்திரி 11.40-லிருந்து 1 மணி வரை வாட்ஸ்அப்பில் மெசேஜாக வந்து விழுந்தது. குடித்திருக்கிறார் என்று எழுத்துப்பிழையிலேயே தெரிந்தது. "ஜங்ஷன்ல மழைக்கு ஒதுங்கி நின்னப்போ கையில கொடைய வச்சுக்கிட்டே விரிக்காம நின்ன, ஏன்னு இன்னும் யோசிக்கேன்" என்றார். "நாளைக்கே உங்க வீட்டுல வந்து பேசுதேன்" என்றார். நான் பதில் போடவில்லை என்றதும் "என்ன, திமிரா?" என்றார். காலை 7 மணிக்குப் பார்த்தால் கடைசி இரண்டையும் அழித்துவிட்டு, "நைட் என்ன அனுப்புனேன்னே ஞாபகம் இல்ல" என்று ஒரு வரி. எதை நம்ப?

- வாசகி, பாளையங்கோட்டை

அன்புள்ள தங்கைக்கு,

போதையில்தான் மனசில் இருப்பது வெளியே வரும் என்று நம்மூரில் சொல்வார்கள். அதில் பாதிதான் சரி. ஸ்டீல், ஜோசப்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1990-ல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள்: குடி நம் கவனத்தைக் குறுக்கிவிடுகிறது. கண்ணெதிரே இருப்பது பெரிதாகத் தெரியும், நாளைக்கு வரப்போவது பார்வையிலேயே இருக்காது. அந்த நேரம் அவருக்கு முன்னால் இருந்தது கையிலிருந்த போனும் அதில் உன் பெயரும்தான். உன் அப்பா, அவர் அம்மா, சாதி, சம்பளம், திங்கட்கிழமை உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்ற கூச்சம், எதுவும் அங்கே இல்லை. அதனால் "நாளைக்கே வந்து பேசுதேன்" என்றது பொய் இல்லை, ஆனால் அதை ஒரு முடிவாக எடுத்துக்கொள்ளவும் முடியாது, நாளை என்பதையே கணக்கில் சேர்க்காமல் சொன்ன பேச்சு அது.

கொடை மெசேஜ் வேறு சங்கதி. அன்றைக்கு ஜங்ஷனில் அவர் போதையில் நிற்கவில்லையே. நீ கொடையை விரிக்காமல் நின்றதைத் தெளிவாக இருக்கும்போதே பார்த்து மனசில் வைத்திருக்கிறார், குடி அதைச் சொல்ல வைத்ததே தவிர உண்டாக்கவில்லை. இப்படி ஒரு நாள், ஒரு இடம், ஒரு சின்ன விஷயம் என்று குறிப்பாக வருவதற்குக் கொஞ்சம் மதிப்புக் கொடு. யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பக்கூடிய "நீ இல்லாம நான் இல்ல" வகையறாவுக்கு வேண்டாம். ஆனால் கொடை மெசேஜும் உன்னைக் கவனித்திருக்கிறார் என்பதற்குத்தான் சாட்சி, உன்னோடு வாழ முடிவெடுத்துவிட்டார் என்பதற்கு இல்லை.

ஞாபகம் இல்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். வெறும் வயிற்றில் மளமளவென்று குடித்தால் மூளை புதிய நினைவுகளைப் பதிவதை நிறுத்திவிடும். ஆள் விழுந்து கிடக்க வேண்டியதில்லை, பேசுவார், டைப் பண்ணுவார், காலையில் ஒன்றும் இருக்காது. ஆனால் காலையில் அத்தனையையும் படித்திருக்கிறார், படிக்காமல் பொறுக்கி எடுத்து இரண்டை மட்டும் அழிக்க முடியாது. வாக்குறுதியையும் திட்டையும் எடுத்துவிட்டுக் கொடையை விட்டுவைத்திருக்கிறார். ராத்திரி அனுப்பிய எல்லாவற்றையும்விட எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. இதையும் ரொம்ப நம்பிவிடாதே, அனுப்பி இரண்டரை நாள் வரைக்கும் வாட்ஸ்அப்பில் அந்தக் கொடை மெசேஜையும் அழிக்க முடியும், தவிர காலை 7 மணிக்கு அவர் முழுசாகத் தெளிந்திருக்கவும் மாட்டார். ஒரு குவார்ட்டரில், அதாவது 180 மில்லியில், சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ஈரல் மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம் வரைதான் கரைக்கும். நடுராத்திரியில் குவார்ட்டரை முடித்தவருக்கே காலை ஆறு, எட்டு ஆகிவிடும், அதற்கு மேலே போயிருந்தால் மதியம்தான்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை பேசாதே. திங்கள் சாயங்காலம், நாலு பேர் இல்லாத நேரத்தில், நேரிலோ போனிலோ கேள்: "சனிக்கிழமை அனுப்பினதுல கொடை விஷயத்த மட்டும் அழிக்காம வச்சிருக்கீங்க. அது இப்பவும் அப்படித்தானா?" ஸ்கிரீன்ஷாட்டை நீட்டாதே, தோழிகளுக்கும் அனுப்பாதே. ஆதாரத்தைக் காட்டினால் மனுஷன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார், மனசில் இருப்பதைச் சொல்ல மாட்டார். ஆமாம் என்றால் மேற்கொண்டு பேசு. சும்மா போதையில் உளறினேன் என்று சிரித்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள், அதற்குள் வேறு அர்த்தம் தேடாதே.

அந்தத் "திமிரா"வை மட்டும் லேசில் விடாதே. நீ பதில் போடாத ஒரு மணி நேரத்திலேயே அது கோபமாகிவிட்டது. ஒரு தடவை என்றால் குடி என்று விடலாம், ஆனால் அழித்ததோடு சரி என்று இருக்கிறாரா, வாய் திறந்து மன்னிப்புக் கேட்கிறாரா என்று பார். அடுத்த சனிக்கிழமையும் 11 மணிக்குப் போன் அடித்தால் எடுக்காதே, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடச் சொல்லி ஒரு வரி போட்டுவிட்டுத் தூங்கு. வாரநாளில் வாயே திறக்காமல் வாராவாரம் ராத்திரி மட்டும் வருகிறார் என்றால் நம்பரைப் பிளாக் பண்ணிவிடு, கொடைக்காகக் கூட யோசிக்காதே.