பெல்ட் போட்டிருந்தாலும் கால் தரையில் இடிக்கும்

கேள்வி: 5 மீட்டர் உயரக் குடோனில் பழைய சிமென்ட் ஷீட் மாற்றுகிறோம். "பெல்ட் இருக்கே, அப்புறம் என்ன?" என்கிறார்கள் ஆட்கள். காலையில் பத்து நிமிடம் அவர்களிடம் என்ன பேசுவது? பேச்சு வழக்கிலேயே எழுதித் தாருங்கள்.

பதில்: ஒரு பெல்ட் கயிறு, ஒரு அளவு டேப், சாக்பீஸ் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு, கூரைக்குக் கீழேயே எல்லாரையும் நிற்க வைத்துப் பேசுங்கள்.

"அண்ணே, தம்பி, எல்லாரும் இந்தக் கயிறைப் பாருங்க. நீளம் 1.8 மீட்டர். கால்கிட்ட இருக்கிற கம்பியில ஹூக்கை மாட்டிட்டு விழுந்தா, முதல்ல முதுகுல இருக்கிற பெல்ட் வளையம் அந்தக் கம்பிக்குக் கீழ 1.8 மீட்டர் போகும். அப்புறம் இந்தப் பை இருக்குல்ல, அதுக்குள்ள மடிச்சுத் தைச்ச பட்டை பிரியும். அடி உடம்புல இறங்காம இருக்கத்தான் அது பிரியுது. 1.75 மீட்டர் வரைக்கும் பிரியலாம். முதுகு வளையத்துலேர்ந்து பாதம் வரைக்கும் இன்னொரு 1.5 மீட்டர். கூட்டுங்க, 5.05 வருது. நம்ம கூரை 5 மீட்டர்தான். பெல்ட் போட்டிருந்தும் கால் தரையில இடிக்கும். கீழ ஒரு மீட்டராவது மிச்சம் வேணும்னா 6 மீட்டருக்கு மேல உயரம் இருக்கணும்.

அதனால இங்க விழுந்த பிறகு பிடிக்கிற கயிறு உதவாது. ஓரத்துக்கே போக விடாத கயிறுதான் வேணும். முகட்டுப் பக்கம் இன்ஜினியர் காட்டின இடத்துல மட்டும் மாட்டுங்க. ஜே போல்ட்ல மாட்டாதீங்க. அது ஷீட்டைப் பிடிக்கத்தான் இருக்கு, ஆளைத் தாங்காது. ஓரத்துக்கு ஒரு மீட்டர் முன்னாடியே நிறுத்துற மாதிரி கயிறைக் குறைச்சுக்கோங்க. ஓரத்து வேலையை சாரத்துல நின்னு பார்ப்போம்.

இந்தக் கயிறு ஓரத்துலதான் காப்பாத்தும். ஷீட் உடைஞ்சு உள்ள விழுந்தா காப்பாத்தாது. இப்ப மேல பாருங்க, நாலாவது ஷீட்ல வெளிச்சம் வருது. அது ஃபைபர். மேலேர்ந்து பார்த்தா தூசி படிஞ்சு சிமென்ட் ஷீட் மாதிரியே இருக்கும். எத்தனாவது ஷீட்னு எண்ணி, சாக்பீஸால சுவத்துல எழுதிக்கிறேன். அதுங்களை முதல்ல மூடுவோம். சிமென்ட் ஷீட்டும் பழசு, அதையும் மிதிக்காதீங்க. போல்ட் வரிசை மேல நடந்தா போதும்னு நினைக்காதீங்க, ஒரு அடி தவறினா உள்ளதான். ஷீட்டைத் தாங்குற பர்லின் மூணு மேல உட்கார்ற பலகை மேலதான் நிக்கணும். கூரைக்கு அடியில வலை கட்டி முடிக்கிற வரைக்கும் யாரும் ஏறக் கூடாது."

முடிந்தவரை வேலையைக் கீழிருந்து, சாரத்திலோ சிசர் லிஃப்ட்டிலோ நின்றே முடிக்கப் பாருங்கள். இத்தகைய கூரைக்கு அதுதான் சரியான வழி.

பேசி முடித்ததும் ஒவ்வொருவரின் கயிற்றுப் பையையும் தடவிப் பாருங்கள். தையல் பிரிந்திருந்தால், உள்பட்டை வெளியே தெரிந்தால், அது ஏற்கெனவே ஒருமுறை இழுபட்டது. அங்கேயே வெட்டிப் போடுங்கள். ஓரமாக வைத்தால் மதியம் யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்கள்.