அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டி வாங்கிக்கொண்டே கோத்தகிரியில் வேலை பார்த்தால் பணம் குறையுமா?

"அமெரிக்கக் குடியுரிமை உள்ளவன். 1963-ல் பிறந்தேன், 62 முடிந்ததும் சோஷியல் செக்யூரிட்டி வாங்க ஆரம்பித்துவிட்டேன், மாதம் 1,400 டாலர் வருகிறது. இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். ஒரு பள்ளியில் வாரம் 3 நாள், நாளுக்கு 4 மணி நேரம் கணக்கு எடுக்கக் கூப்பிடுகிறார்கள், சம்பளம் 25,000 ரூபாய். ஆண்டு வரம்புக்குள்தானே வருகிறது, பிரச்சினை இல்லையே? இல்லாவிட்டால் வீட்டில் ஹோம்ஸ்டே நடத்தலாமா?"

சார், பள்ளி வேலைக்கு இப்போதே சரி சொல்லிவிடாதீர்கள். நானும் அங்கிருந்து திரும்பி வந்து குன்னூரில் இருந்துகொண்டு இதே பணத்தை வாங்குகிறவன்தான். நம்மில் பலருக்குத் தெரிந்ததெல்லாம், தொகை குறையாமல் ஓர் ஆண்டில் இவ்வளவுதான் சம்பாதிக்கலாம் என்கிற அந்த ஆண்டு வரம்பு மட்டும்தான், 2025-க்கு அது 23,400 டாலர். அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டி வரி கட்டுகிற வேலைக்குத்தான் அந்த வரம்பு. இந்தியப் பள்ளி உங்களுக்காக அந்த வரியைக் கட்டப்போவதில்லை, அதனால் அமெரிக்காவுக்கு வெளியே வேலை பார்ப்பவர்களுக்கான தனி விதி உங்கள் மேல் வரும். முழு ஓய்வு வயது வரும் வரை (உங்களுக்கு 67) ஒரு மாதத்தில் 45 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தால் அந்த மாதத் தொகை முழுவதும் நிறுத்தப்படும். சம்பளம் எவ்வளவு என்று பார்ப்பதே இல்லை, நூறு ரூபாய் வாங்கினாலும் அதேதான்.

உங்கள் கணக்கையே பாருங்கள். திங்கள், புதன், வெள்ளி என்று போனால் பிப்ரவரியிலேயே 12 நாள், அதாவது 48 மணி. சில மாதங்களில் 14 நாள் வந்து 56 மணி ஆகிவிடும். எந்த மாதமும் தப்பாது. 25,000 ரூபாய்க்காக ஒரு லட்சத்துக்கு மேல் மதிப்புள்ள 1,400 டாலரை மாதாமாதம் விடுவீர்கள், உங்கள் கணக்கின் பேரில் வீட்டம்மா ஏதாவது வாங்கினால் பொதுவாக அதுவும் அந்த மாதங்களில் நிற்கும். லீவில் இருந்தேன், உடம்பு சரியில்லை என்பதும் எடுபடாது, வேலை ஒப்பந்தம் நடப்பில் இருந்தால் அந்த நாளையும் வேலை நாளாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

வாரம் 2 நாள் என்று பேசிப் பாருங்கள். எந்த மாதத்திலும் 10 நாளைத் தாண்டாது, 40 மணிக்குள் நிற்கும், நோட்டுத் திருத்தக் கொஞ்சம் இடமும் இருக்கும். மணிக்கணக்கைப் பள்ளி தரும் கடிதத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள், நாளை யாராவது கேட்டால் காட்ட வேண்டியது அதுதான்.

ஹோம்ஸ்டே கதை வேறு. அமெரிக்கக் குடிமகன் எங்கே சொந்தத் தொழில் செய்தாலும் சோஷியல் செக்யூரிட்டி வரி உண்டு. இரண்டு பக்கமும் வரி கட்டாமல் இருக்க சில நாடுகளோடு அமெரிக்கா ஒப்பந்தம் போட்டிருக்கிறது, இந்தியாவோடு அது இல்லை. சும்மா வாடகைக்கு விட்டால் அது சம்பாத்தியம் ஆகாது, ஆனால் காலையில் இட்லி போட்டு, அறை சுத்தம் செய்து விருந்தினரைக் கவனித்தால் அது தொழில்தான். ஏறக்குறைய 15 சதவீதம் வரி கட்ட வேண்டும், அதற்குப் பதிலாக 45 மணிக் கெடுபிடி போய் ஆண்டு வரம்பு வந்துவிடும். அதில் வரம்பைத் தாண்டும் ஒவ்வொரு 2 டாலருக்கும் 1 டாலர் பிடிப்பார்கள். செலவு போக 26,200 டாலர் நின்றது என்றால் 2025 வரம்பைவிட 2,800 அதிகம், பாதி 1,400, அதாவது உங்களுக்கு ஒரே ஒரு மாதத் தொகை போகும். ஏப்ரல், மே சீசனில் அறை நிரம்பினாலும் அந்த அளவு லாபம் நிற்பது கஷ்டம் என்பதால், உங்கள் நிலைமையில் எனக்கு இதுதான் மேல் என்று படுகிறது. பேங்க் வட்டி, 401(k)-யிலிருந்து எடுக்கும் பணம் எதுவும் இரண்டு கணக்கிலும் சேராது. ஆனால் ஒன்று, குடியுரிமை இல்லாத நண்பர் யாராவது இதைப் படித்துவிட்டு ஹோம்ஸ்டே ஆரம்பித்துவிட வேண்டாம். அவருக்குப் பொதுவாக அந்த வரி கிடையாது, அதனால் 45 மணி விதிதான், அதில் தொழிலுக்குச் சொந்தக்காரராக இருப்பதையே வேலை என்று எடுத்துக்கொள்வார்கள்.

பிடித்த பணம் அடியோடு போய்விடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். 67-ல் வாங்கியிருந்தால் உங்களுக்கு 2,000 டாலர் வந்திருக்கும், 60 மாதம் முன்னால் எடுத்ததால் 30 சதவீதம் குறைத்து 1,400. நடுவில் 24 மாதம் நிறுத்தப்பட்டிருந்தால், 67 வந்ததும் 36 மாதம் மட்டும் முன்னால் எடுத்ததாகத் திருத்திக் குறைப்பை 20 சதவீதம் ஆக்குவார்கள், அப்போதிலிருந்து 1,600. விலைவாசி உயர்வு தனி. மெதுவாகத் திரும்பி வரும், அதுவரை கையில் வேறு பணம் இருக்க வேண்டும்.

எந்த வழியில் போனாலும் வேலை ஆரம்பித்ததும் நீங்களாகவே தெரிவித்துவிடுங்கள், வெளிநாட்டு வேலைக்கான படிவம் SSA-7163. தபாலில் SSA-7162 வந்தால் உடனே நிரப்பி அனுப்புங்கள், அது திரும்பிப் போகாவிட்டால் வேலையே பார்க்காதவருக்கும் பணம் நின்றுவிடும். மழைக்காலத்தில் மலைக்கு மேலே தபால் தாமதமாகும், அதனால் வருமென்று காத்திருக்காமல் சோஷியல் செக்யூரிட்டி இணையதளத்திலிருந்தே இறக்கி வைத்துக்கொள்ளலாம்.