வெள்ளி விழாப் படத்துக்குக் கீழே என்ன எழுதுவது?

"2001 ஆவணியில் கல்யாணம். இந்த ஆவணியில் 25 வருஷம். அன்றைக்கு ஒரு படம் போட்டு, கீழே இரண்டு வரி எழுத ஆசை. எப்படி எழுதினாலும் மேடைப் பேச்சு மாதிரியே வருகிறது, மனைவி சிரித்துவிடுவாள். தாம்பரத்தில் ஒற்றை ரூமில், ஒரு டேபிள் ஃபேனோடு குடித்தனம் தொடங்கியவர்கள் நாங்கள்."

கடைசி வாக்கியத்தில் நீங்களே பாதி எழுதிவிட்டீர்கள் சார். அந்த டேபிள் ஃபேன்தான் உங்கள் வரி.

'என் அன்புத் துணைவியார், இன்ப துன்பங்களில் தோள் கொடுத்து...' என்று ஆரம்பித்தால் அவரைப் பற்றி ஊரிடம் பேசுகிறீர்கள். மேடை அங்கேதான் வருகிறது. 'நீ' என்று அவரிடமே பேசுங்கள், பாதி சரியாகிவிடும். வீட்டில் 'நீங்க' என்று கூப்பிடுபவராக இருந்தால் 'நீங்க' என்றே எழுதுங்கள். ஊருக்காக 'நீ'க்கு மாறினால் அதுவும் நடிப்புதான். சிலர் வீட்டில் 'நீங்க', கோபம் வந்தால் 'நீ' என்பார்கள். அவர்களும் 'நீங்க' என்றே எழுதட்டும், கல்யாண நாளில் கோபம் எதற்கு?

அடுத்து, 25 வருஷத்தையும் அடக்கப் பார்க்காதீர்கள். ஒரு ராத்திரி போதும். அந்த ரூமில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம்:

"ஃபேனை உன் பக்கம் திருப்பி வைப்பேன். நான் தூங்கினதும் நீ என் பக்கம் திருப்பிடுவ. அன்னைக்கு நான் தூங்கவே இல்ல."

அன்பு, பாசம் என்ற சொல்லே இதில் இல்லை, கவனித்தீர்களா? 'தூங்கவில்லை' என்று திருத்திவிடாதீர்கள், மறுபடி மைக் வந்துவிடும். ஃபேனை முதல் வரியிலேயே வையுங்கள். பல செயலிகள் தொடக்கத்தை மட்டும் காட்டி மீதியை மடித்து வைத்துவிடும். யாரைக் கேட்டு மடிக்கிறார்களோ!

'25ஆம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும்' என்று மட்டும் போடாதீர்கள். அது போன ஆவணியில் போட வேண்டியது. இப்போது 25 முடிந்து 26 தொடங்குகிறது. ஃபிளெக்ஸ் கடைகளில் பழைய டிசைனில் பெயரை மட்டும் மாற்றித் தருவதால் இந்தத் தப்பு ஊரெல்லாம் தொங்குகிறது.

அந்தக் கடைகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. 'கவிதை சேர்த்து' என்று தனிக் காசு வாங்கிக்கொண்டு, போன வாரம் வேறொருவருக்குப் போட்ட அதே நாலு வரியைத் தருவார்கள். நீங்களே எழுதிக் கொடுத்தாலும் நிம்மதி இல்லை. போனில் அடித்த தமிழ் அவர்களுடைய பழைய எழுத்துருவில் ஒட்டாது என்று புதிதாகத் தட்டச்சு செய்வார்கள். அச்சுக்கு முன் படத்தை வாங்கி எழுத்தெழுத்தாகப் படியுங்கள். என்னுடைய வெள்ளி விழா பேனரில் 'என் இனிய மனைவிக்கு' என்பதில் 'வி'யை விட்டுவிட்டார்கள். 'என் இனிய மனைக்கு' வாழ்த்துச் சொல்லிக்கொண்டு மண்டப வாசலில் நின்றேன். வந்தவர்களில் இரண்டு பேர் எத்தனை சென்ட் என்று கேட்டார்கள்.