காலியான கட்டம் சொல்லும் சேதி: ஹாஷ் டேபிள் கேள்வி பதில்

27, 18, 29, 28, 39, 13, 16 என்ற கீகளை இதே வரிசையில் ஹாஷ் டேபிளில் சேர்க்க வேண்டும். டேபிளில் 11 இடம், k mod 11, லீனியர் ப்ரோபிங். எனக்கு 16 கடைசியில் 10-ஆம் இடத்துக்குப் போய்விட்டது. தப்பா சார்? (மூன்றாம் ஆண்டு மாணவி)

சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள். 27-க்கு 5, 18-க்கு 7. அடுத்து 29-க்கும் 7 வருகிறது, அங்கே ஆள் இருப்பதால் 8. 28 நேராக 6-இல் உட்காருகிறது. 39-க்கு 6 வருகிறது. 6, 7, 8 மூன்றும் நிரம்பியிருப்பதால் 9. 13 தனியாக 2-இல். கடைசியில் 16-க்கு 5 வந்து, 5 முதல் 9 வரை ஒவ்வொரு கதவாகத் தட்டிவிட்டு 10-இல் இடம் பிடிக்கிறது.

```
0  1  2  3  4  5  6  7  8  9  10
-  -  13 -  -  27 28 18 29 39 16
```

இதே ஏழு கீயையும், ஒரே இடத்தில் விழுபவற்றைச் சங்கிலியாகக் கோக்கும் செயினிங்கில் போட்டால் 5, 6, 7 ஆகிய இடங்களில் இரண்டிரண்டாகத் தொங்கும், 13 தனியாக இருக்கும். அவ்வளவுதான். லீனியர் ப்ரோபிங்கில் 16-க்கு மட்டுமே ஆறு கட்டம் பார்க்க வேண்டியிருந்தது.

ஆனால் இரண்டிலும் ஹாஷ் ஃபங்ஷன் ஒன்றுதானே? அப்படியானால் மோதலும் ஒரே அளவுதான். இங்கே 29, 39, 16 என்று மூன்று. தேடும் தூரம் மட்டும்தான் வேறு, இல்லையா?

இந்த ஏழு கீ வரைக்கும் நீங்கள் சொல்வது சரி. எட்டாவதாக 19 போட்டுப் பாருங்கள். 19 mod 11 = 8. எட்டாம் இடத்துக்குச் சொந்தக்காரர் யாருமே இல்லை. செயினிங்கில் 19 அங்கே நிம்மதியாக உட்காரும். லீனியர் ப்ரோபிங்கிலோ 8-இல் 29 குடியேறிவிட்டது. ஆகவே 8, 9, 10 பார்த்து, டேபிளின் முடிவில் சுற்றிக்கொண்டு 0-க்கு வருகிறது. ஹாஷ் ஃபங்ஷன் உண்டாக்காத மோதல் இது, பக்கத்து வீட்டு மோதல்.

19 போடுவதற்கு முந்தைய படத்தையே இன்னொரு விதமாகப் பாருங்கள். அடுத்து வரும் கீ எந்த எண்ணுக்கும் சமமாக விழலாம் என்றால், 0-ஆம் இடம் நிரம்ப 11-இல் 7 வாய்ப்பு. 5 முதல் 10 வரை எங்கே விழுந்தாலும் நகர்ந்து அங்கேதான் வரும், நேராக 0-இல் விழுவதும் உண்டு. 4-ஆம் இடத்துக்கு 11-இல் ஒன்றே ஒன்று. நீண்ட வரிசைதான் மேலும் நீளும். இதைத்தான் கொத்து சேருதல் என்கிறோம்.

ஒரு கீயை அழித்தால் அந்தக் கட்டத்தைக் காலி என்று போட்டுவிட்டேன். அப்புறம் வேறொரு கீ காணாமல் போகிறது. என் கம்பைலர் பிரச்சினையா?

கம்பைலர் பாவம். லீனியர் ப்ரோபிங்கில் காலியான கட்டம் ஒரு சேதி சொல்கிறது: "இந்த வழியாக வந்தவர் யாரும் இதைத் தாண்டிப் போகவில்லை." தேடல் அதை நம்பித்தான் நிற்கிறது. 28-ஐ அழித்து 6-ஐக் காலி ஆக்கினால் அது பொய் சொல்கிறது. 39-ஐத் தேடி 6-க்கு வருபவர் அங்கேயே "இல்லை" என்று திரும்பிவிடுவார். 39 பாட்டுக்கு 9-இல் இருக்கும்.

அதனால் அங்கே "அழிக்கப்பட்டது" என்று ஓர் அடையாளம் வைப்பார்கள். தேடுபவர் அதைத் தாண்டிப் போவார், புதிதாகச் சேர்ப்பவர் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளலாம். நான் பார்த்த பாதிப் பேர் தடுக்கி விழும் இடமும் இதுதான். 39-ஐ இன்னொரு முறை சேர்க்க வருகிறீர்கள், 6-இல் அடையாளத்தைப் பார்த்ததும் உடனே போட்டுவிடுகிறீர்கள். இப்போது 39 இரண்டு இடத்தில் இருக்கிறது. பிறகு 39-ஐ அழித்தால் 6-இல் இருப்பது மட்டும் போகும், 9-இல் இருக்கும் பழையது உயிரோடு எழுந்து வரும். ஆகவே இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, நிஜமாகக் காலியான கட்டம் வரும்வரை தேடலைத் தொடர வேண்டும்.

```c
int insert(int k) {
    int i = k % M, spot = -1;
    for (int n = 0; n < M; n++, i = (i + 1) % M) {
        if (state[i] == FULL && t[i] == k) return i;
        if (state[i] != FULL && spot < 0) spot = i;
        if (state[i] == EMPTY) break;
    }
    if (spot < 0) return -1;
    t[spot] = k;
    state[spot] = FULL;
    return spot;
}
```

`n < M` இல்லாவிட்டால், டேபிள் நிரம்பிய அன்று இந்த லூப் நிற்காது. இன்னொன்று, `k` நெகட்டிவாக இருந்தால் C-யில் `k % M` நெகட்டிவாகவும் வரலாம். அதைத் தனியாகக் கவனியுங்கள்.

அடையாளம் வைப்பதே சோம்பேறித்தனம். பின்னால் இருப்பவர்களை முன்னே இழுத்தால் போதாதா? நான் பத்து வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

நல்ல வழி, அண்ணா. ஆனால் எல்லாரையும் ஒரு படி இழுக்க முடியாது. 19-உம் சேர்ந்த டேபிளில் 28 போனால் 7-இல் இருக்கும் 18 நகரக்கூடாது. அதன் சொந்த இடமே 7, 6-க்கு வந்தால் யாரும் தேடி வரமாட்டார்கள். 29-உம் அப்படியே. அடுத்த 39-க்குச் சொந்த இடமே 6, அது அங்கே வரலாம். அதனால் காலியாகும் 9-க்கு 16, பின் 10-க்கு 19. அடிக்கடி அழிக்கும் டேபிளில் எனக்கும் இதுதான் பிடிக்கும். ஆனால் வேறெங்காவது ஒரு கட்டத்தின் முகவரியைப் பிடித்துவைத்திருந்தால் இந்த நகர்த்தல் அதைக் கெடுத்துவிடும். அங்கே சோம்பேறித்தனமே மேல்.

பாஸ்வேர்டை ஹாஷ் செய்து வைத்திருக்கிறோம். மோதல் வந்தால் ஒருவர் கணக்கை இன்னொருவர் திறந்துவிடலாமா?

அது வேறு ஊர்க் கதை. அங்கே மோதலே கண்டுபிடிக்க முடியாதபடி ஹாஷைக் கட்டுகிறார்கள். இங்கே மோதல் வரும் என்று தெரிந்தே இடம் ஒதுக்குகிறோம், கீயையும் கூடவே வைத்து ஒப்பிடுகிறோம்.

எங்கள் கடை பில் எண்கள் 1010, 1020, 1030 என்று பத்துப் பத்தாக ஏறும். 100 இடம் வைத்து செயினிங் போட்டேன். 80 பில்லுக்கே மெதுவாகிவிட்டது.

80 பில் 100 இடத்தில் பரவும் என்று நினைத்திருப்பீர்கள். பத்தின் மடங்கை 100-ஆல் வகுத்தால் மீதி 0, 10, 20 என்று பத்து விதமாகத்தான் வரும். 90 இடம் சும்மா கிடக்க, பத்துச் செயினில் எட்டெட்டு பில் தொங்குகிறது. 101 என்ற பகா எண்ணை வைத்துப் பாருங்கள், அந்த 80-உம் தனித்தனி இடத்தில் விழும். ஒவ்வொரு இடத்திலும் எத்தனை பேர் என்று ஒருமுறை அச்சிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் எட்டு நீளச் செயின் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மெதுவாக்காது. வேறு எங்கோ இன்னொரு கோளாறு இருக்கிறது, அதையும் தேடுங்கள்.

ஜாவாவின் HashMap 0.75 வரை நிரம்பவிடுகிறது. என் லீனியர் ப்ரோபிங்கிலும் அதையே வைத்தேன். சரிதானே?

HashMap செயினிங் செய்கிறது, அந்த எண்ணை அப்படியே கடன் வாங்கக்கூடாது. லீனியர் ப்ரோபிங்குக்கு 1963-இல் டொனால்ட் க்னூத் கணக்குப் போட்டார். கீகள் நன்றாகப் பரவுவதாகவும், α என்பது டேபிள் நிரம்பிய விகிதம் என்றும் வைத்துக்கொண்டால், ½(1 + 1/(1−α)²) என்பது புதிய கீ சேர்க்கப் பார்க்கவேண்டிய கட்டங்களின் சராசரி. பாதி நிரம்பியபோது 2.5, முக்கால் நிரம்பியபோது 8.5, 0.9-இல் 50.5. அடையாளம் வைத்த கட்டங்களையும் நிரம்பியதாகவே எண்ண வேண்டும். நான் 0.5 தாண்டினால் பெரிதாக்குவேன்.

பெரிதாக்கும்போது பழைய கட்டங்களை அப்படியே நகலெடுக்காதீர்கள், ஒவ்வொரு கீயையும் புதிதாகச் சேர்க்க வேண்டும். மேலே உள்ள எட்டையும் 23 இடத்தில் வந்த வரிசைப்படி போட்டால் 16 ஒன்றுதான் மோதும். அதன் இடத்தில் 39 இருக்கும், 17-க்கு நகரும்.

அப்படியானால் எப்போதும் செயினிங்தானே நல்லது?

காகிதத்தில் அப்படித் தெரியும். நான்கு பைட் எண்கள் 64 பைட் கேஷ் வரியில் பதினாறு சேர்ந்து வந்துவிடும். எனவே பக்கத்துக் கட்டத்தைப் பார்ப்பது ஏறக்குறைய இலவசம். செயினில் ஒவ்வொரு கண்ணியும் நினைவகத்தின் ஏதோ மூலையில் இருக்கலாம். எண் கீகளுக்குப் பாதி நிரம்பிய லீனியர் ப்ரோபிங் என் சோதனையில் எளிதாக வென்றது. நீண்ட சரங்களைக் கீயாக வைத்தபோது வித்தியாசம் கரைந்துவிட்டது. சரத்துக்குப் பக்கத்தில் அதன் ஹாஷ் மதிப்பையும் வைத்து ஓட்டிப் பார்த்தவர் யாராவது இருந்தால் அளவுகளைப் போடுங்கள்.