குலசேகரப்பட்டினம்: கூடுதல் வேகத்துக்காகவா?

“குலசேகரப்பட்டினம் பூமத்திய ரேகைக்கு இன்னும் பக்கம். கிழக்கே ஏவினால் ஸ்ரீஹரிகோட்டாவைவிட அதிக வேகம் கிடைக்கும் என்பதால்தான் அங்கே புது ராக்கெட் ஏவுதளமா?”

இல்லை. பூமி சுழலும் வேகம் ஸ்ரீஹரிகோட்டாவில் (13.7 பாகை) நொடிக்கு சுமார் 452 மீட்டர், குலசேகரப்பட்டினத்தில் (8.4 பாகை) 460. எட்டு மீட்டருக்காக யாரும் தளம் கட்ட மாட்டார்கள். அதோடு அங்கிருந்து கிழக்கே ஏவினால் வழியில் இலங்கை!

விஷயம் தெற்கில் இருக்கிறது. பூமியைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் துருவங்களை ஒட்டிச் சுற்றும். பூமத்திய ரேகையோடு ஒப்பிட்டால் பாதையின் சாய்வு சுமார் 98 பாகை. கொஞ்சம் மேற்கே சாய்ந்த பாதை என்பதால் பூமியின் சுழற்சி உதவாது, லேசாக இழுக்கவே செய்யும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேராகத் தெற்கே போனால், கழன்று விழும் பாகங்கள் இலங்கை மேல் விழும் அபாயம் உண்டு. அதனால் பிஎஸ்எல்வி ராக்கெட் முதலில் தென்கிழக்கே போய், அப்புறம் திரும்புகிறது. அந்தத் திருப்பம் எரிபொருளைத் தின்கிறது. பிஎஸ்எல்வி தாங்கும், சிறிய ராக்கெட்டான எஸ்எஸ்எல்விக்கு அது சுமக்கும் எடையிலேயே கைவைத்துவிடும். குலசேகரப்பட்டினத்துக்குத் தெற்கே வெறும் கடல்.

கிழக்கு வேகம் தேவைப்படுவது பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, சாய்வே இல்லாமல் இருக்கும் புவிநிலைச் சுற்றுப்பாதைக்கு. அங்கே அட்சரேகைக்கு இன்னொரு வேலையும் உண்டு: நேராக ஏவினால் பாதையின் சாய்வு ஏவுதளத்தின் அட்சரேகைக்குக் கீழே வராது. மிச்சச் சாய்வைச் செயற்கைக்கோள் தன் எரிபொருளில்தான் நிமிர்த்த வேண்டும். அந்த ஏவல்கள் ஸ்ரீஹரிகோட்டாவிலேயே தொடரும்.